எந்தப் பக்கத்திலிருந்து வந்தது குரல்?

அன்புள்ள நண்பா,

வணக்கம். உன் மளிகைக் கடையில் பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் பெட்டியை வைத்துவிட்டதாகவும், இனி கைப்பேசியை எடுத்துப் பார்க்கும் வேலை மிச்சம் என்றும் எழுதியிருந்தாய். அதைப் படித்தவுடன் எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடை அண்ணாச்சிக்குச் சென்ற வாரம் நேர்ந்ததை உனக்கு எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. அன்று நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

மாலை ஆறு மணி, கூட்டம் நெருக்கியடித்தது. அண்ணாச்சி ஒரு கையில் வடிகட்டியும் மறு கையில் பால் குவளையுமாக நின்றார். ஓர் இளைஞர் பன்னிரண்டு தேநீரும் இருபத்து நான்கு வடையும் பார்சல் கேட்டார்; தேநீர் 15 ரூபாய், வடை 10 ரூபாய், ஆக மொத்தம் 420 ரூபாய். அவர் கடையின் கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்த அடுத்த நொடியே 'நானூற்று இருபது ரூபாய் பெறப்பட்டது' என்று கணீரென ஒரு குரல் கேட்டது. பச்சை நிற டிக் குறியும் கடையின் பெயரும் தெரியும்படி தம் கைப்பேசியைக் காட்டிவிட்டு, அவர் பார்சலுக்குக் கை நீட்டினார்.

அண்ணாச்சி பையைக் கொடுக்கவில்லை. அவருடைய பெட்டி பின்னால், பாய்லருக்கு மேலே உள்ள பலகையில் இருக்கிறது. நாள் முழுவதும் குரல் அவருடைய முதுகுப் பக்கத்திலிருந்துதான் வரும். இந்தக் குரலோ எதிரே, வாடிக்கையாளர் கை உயரத்திலிருந்து வந்தது. இன்னொன்றையும் அவர் கவனித்திருந்தார். பணம் அனுப்புபவரின் கைப்பேசி 'பெறப்பட்டது' என்று ஏன் சொல்ல வேண்டும்? பெறுகிறவர் கடைக்காரர் அல்லவா?

அந்த இளைஞர் ரகசிய எண்ணை அழுத்தியதையும் அவர் பார்க்கவில்லை. ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்துவிட முடியாது; சிறு தொகைகளுக்கு யுபிஐ லைட் முறையில் ரகசிய எண் கேட்பதில்லை. திரையில் கடையின் பெயர் இருந்ததும் ஒரு சான்று ஆகாது. அட்டையில் உள்ள கட்டத்துக்குள் கடையின் யுபிஐ முகவரியும் பெயரும் வெறும் எழுத்துகளாகவே இருக்கின்றன. எந்தச் செயலியாலும் அவற்றைப் படித்துத் திரையில் காட்ட முடியும். போலிச் செயலி செய்வதும் அதைத்தான்: பெயரைப் படித்து, தொகையைச் சேர்த்து, டிக் குறியையும் குரலையும் தானே உண்டாக்குகிறது. வங்கிக்கு எந்தச் செய்தியும் போவதில்லை. கடையில் இருக்கும் பெட்டியோ தனக்குள் உள்ள சிம் வழியாக, கடைக்காரரின் கணக்குக்கு வரவு நிகழ்ந்த செய்தி வந்த பிறகே பேசுகிறது. அதனால்தான் உண்மையான குரல் ஓரிரு நொடி தாமதித்து வரும்; அன்றைய குரலில் அந்தத் தாமதமும் இல்லை.

அண்ணாச்சி திரும்பி, பெட்டியில் கடைசி வரவைத் திரும்பச் சொல்லும் பொத்தானை அழுத்தினார். 'முப்பது ரூபாய்' என்றது பெட்டி. அது சற்று முன் இரண்டு தேநீர் குடித்துவிட்டுப் போன பெரியவர் கொடுத்தது.

அப்போதும் அவர் குரலை உயர்த்தவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மழைக் காலத்தில் ஒரு நாள் சிக்னல் இல்லாமல் பெட்டி ஊமையாக இருந்தபோது, கல்லூரி மாணவி ஒருத்தியை அவர் சந்தேகித்துப் பேசிவிட்டார். அரை மணி நேரம் கழித்துக் கணக்கைப் பார்த்தால் அவள் அனுப்பிய பணம் வந்திருந்தது. அந்த வருத்தம் அவரை விட்டுப் போகவே இல்லை. ஆகவே இப்போது முதலில் கைப்பேசியை எடுத்து வரவுப் பட்டியலைத் திறந்தார். அதிலும் 420 இல்லை. "தம்பி, பணம் இன்னும் வந்து சேரவில்லை. கொஞ்சம் உட்காருங்கள், வந்தவுடன் எடுத்துக்கொண்டு போகலாம், அவசரம் என்றால் ரொக்கமாகக் கொடுங்கள், அந்தப் பணமும் பிறகு வந்தால் நானே திருப்பித் தருகிறேன்" என்றார். இளைஞர் திரையில் தெரிந்த பன்னிரண்டு இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் காட்டி வாதாடினார். எண்ணையும் செயலியே எழுதிக்கொள்ள முடியும் என்பதால் அண்ணாச்சி அதைப் பார்க்கவே இல்லை. ஏடிஎம்முக்குப் போய் வருவதாகச் சொல்லிச் சென்றவர் திரும்பவில்லை.

இரவு கடை அடைக்கும்போது, ஒருவேளை தாமதமாகவாவது வந்திருக்குமோ என்று அண்ணாச்சி பட்டியலை மீண்டும் ஒருமுறை பார்த்தார். வரவில்லை. மறுநாள் அச்சுக் கடைக்குப் போய், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சடித்து வாங்கி வந்து கல்லாவுக்கு மேலே ஒட்டினார்.

உன் பெட்டியை எங்கே வைத்திருக்கிறாய்? வாடிக்கையாளர் நிற்கும் பக்கத்திலேயே வைத்திருந்தால், இரண்டு குரல்களும் ஒரே திசையிலிருந்து வந்து உன் காதைக் குழப்பும். அதை உன் பக்கமாக மாற்றி வைத்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
உன் நண்பன்