வரன் தளம் நடத்துவோருக்கு: ‘நீக்கிவிட்டோம்’ என்றால் எந்தத் தேதியில்?

திருமணத் தகவல் தளங்களையும் செயலிகளையும் நடத்தும் நிறுவனத்தாருக்கும், அவற்றின் டேட்டாபேஸைக் கையில் வைத்திருக்கும் நிரலாளர்களுக்கும்,

வணக்கம். உங்களிடம் இருக்கும் தரவு சாதாரணமானதல்ல. ஒரு பெண்ணின் ஐந்தாறு புகைப்படங்கள், பிறந்த நேரம், ஊர், சம்பளம், அப்பாவின் கைப்பேசி எண், ஜாதகக் கட்டம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. நிச்சயம் முடிந்ததும் ‘வரன் அமைந்துவிட்டது’ என்ற பொத்தானை அழுத்துகிறார்கள். பல தளங்களில் அந்தப் பொத்தான் செய்வது இவ்வளவுதான்:

```
UPDATE profiles SET status = 'married' WHERE id = 48213;
```

தேடலில் பெயர் வராது. தரவோ அப்படியே இருக்கும். இது மறைப்பது, நீக்குவது அல்ல. இரண்டுக்கும் தனித்தனிப் பொத்தான் வையுங்கள் என்பது எங்கள் முதல் வேண்டுகோள். கணக்கைத் தொடங்கியது பெரும்பாலும் பெற்றோராக இருக்கும், ஓடிபியும் அவர்கள் எண்ணுக்கே போகும். ஆகவே வரன் யாரோ அவரே தன் அடையாளத்தைக் காட்டி நீக்கக் கேட்கவும் ஒரு வழி இருக்க வேண்டும்.

நீக்குவதற்கு முன் அவர் தரவை அவர் கையில் கொடுங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அழிக்கக் கேட்கும் உரிமையை 12ஆம் பிரிவில் தருகிறது. 11ஆம் பிரிவு தருவது தரவின் சுருக்கத்தைப் பெறும் உரிமை மட்டுமே. ஐரோப்பியச் சட்டத்தில் இருப்பதுபோல் தரவை எடுத்துக்கொண்டு போகும் உரிமை இதில் இல்லை. சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் செய்யுங்கள் என்று கேட்கிறோம். படங்கள் ஏற்றிய அளவிலேயே, ஜாதகம் ஏற்றிய கோப்பாகவே, மற்றவை ஒரு சிஎஸ்வியில், எல்லாம் ஒரே ஜிப்பாக இருந்தால் போதும். தமிழில் இங்கே ஒரு சிக்கல் வரும். பைத்தானில் `json.dumps`-ஐ அப்படியே விட்டால் ‘மகம்’ என்ற நட்சத்திரம் இப்படி வெளிவரும்:

```
"\u0bae\u0b95\u0bae\u0bcd"
```

`ensure_ascii=False` என்று கொடுத்தால் எழுத்தாகவே வரும். சிஎஸ்வியை `utf-8-sig` முறையில் எழுதுங்கள். இல்லாவிட்டால் எக்செல் அதைத் தமிழென்று அறியாமல் கிறுக்கலாகக் காட்டிவிடும். அந்த ஜிப்பும் ஒரு நகல்தான் என்பதை மறக்க வேண்டாம். ஏழு நாளில் தானே அழியும்படி வையுங்கள்.

இனி 48213 என்ற அந்தப் பதிவையே பின்தொடர்வோம். மார்ச் 3 காலை நீக்கக் கேட்டார், அன்று மாலையே டேட்டாபேஸில் வரி வரியாக நீக்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

படங்கள் எஸ்3 போன்ற சேமிப்பில் இருக்கும். அங்கே வெர்ஷனிங் இயங்கிக்கொண்டிருந்தால், வெர்ஷன் எண் குறிப்பிடாமல் கொடுக்கும் டெலீட் கட்டளை ‘நீக்கப்பட்டது’ என்ற குறியைத்தான் வைக்கும். பழைய வடிவம் அடியில் கிடக்கும். சோதிக்க ஒரே கட்டளை போதும் (பக்கெட் பெயர் எடுத்துக்காட்டு):

```
aws s3api list-object-versions \
  --bucket varan-photos --prefix users/48213/
```

பட்டியலில் எதுவும் மிஞ்சியிருந்தால், ஒவ்வொன்றையும் அதன் `--version-id` கொடுத்து நீக்க வேண்டும். தேடல் பக்கத்துக்காகச் செய்த சிறு படங்கள் வேறு ஃபோல்டரில் இருக்கும். அவை விட்டுப்போவதுதான் அடிக்கடி நடப்பது.

அடுத்தது பேக்கப். தினமும் அதிகாலை 2 மணிக்கு எடுத்து 30 நாள் வைக்கிறீர்கள் என்றால், அவர் இருக்கும் கடைசி தினசரி நகல் மார்ச் 3 அதிகாலையில் எடுத்தது. அது ஏப்ரல் 2-இல் போய்விடும். ஆனால் மாதம் ஒன்றை ஓராண்டுக்கு ஒதுக்கி வைக்கும் வழக்கம் இருந்தால், மார்ச் 1-இன் நகல் அடுத்த மார்ச் வரை இருக்கும். ‘30 நாளில் முழுதும் நீங்கிவிடும்’ என்று எழுதியிருக்கும் பல தளங்களில் அந்த வாக்கு பொய்யாவது இங்கேதான்.

பேக்கப்புக்குள் புகுந்து ஒரு வரியை மட்டும் அழிப்பது நடைமுறையில் ஆகாது. அது சுருக்கி, மறையாக்கிய முழு நகல். ஒருவருக்காக அதை விரித்து, நீக்கி, மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். அதனால் சுழற்சியில் அது தானாக அழியும்வரை காத்திருப்பது தவறல்ல. அதற்குள் அவர் திரும்பி வந்துவிடக் கூடாது, அதுதான் முக்கியம்.

எப்படித் திரும்பி வருவார்? மார்ச் 3 பகலில் ஓடிய தவறான அப்டேட் பல ஆயிரம் பதிவுகளைக் கெடுத்தது, அது 5ஆம் தேதிதான் தெரிகிறது என்று கொள்ளுங்கள். அதிகாலை நகலுக்குத் திரும்புகிறீர்கள். 48213 உயிரோடு வந்துவிடுகிறார், நிலை ‘ஆக்டிவ்’. மறுநாள் காலை ‘உங்களுக்குப் பொருத்தமான வரன்கள்’ மின்னஞ்சலில் அவர் படம் யார் யார் வீட்டுக்கோ போகிறது.

இதைத் தடுக்க நீக்கல் பேரேடு ஒன்று வேண்டும். அதில் பதிவு எண்ணும் நீக்கிய தேதியும் மட்டும் இருக்கட்டும். பெயரோ கைப்பேசி எண்ணோ வேண்டாம். அது அதே டேட்டாபேஸில் இருந்தால் பேக்கப்போடு சேர்ந்து அதுவும் பழையதாகிவிடும். ஆகவே வேறு சேமிப்பில் வையுங்கள். எந்த நகலை மீட்டாலும், தளத்தைத் திறப்பதற்கும் மின்னஞ்சல் வேலைகளைத் தொடங்குவதற்கும் முன்பு இந்தப் பேரேட்டை ஓட்டி, அதிலுள்ள பதிவுகளை மறுபடி நீக்க வேண்டும். உங்கள் மிக நீண்ட பேக்கப் எத்தனை நாளோ, அதைவிடச் சற்று அதிகமாக இதை வைத்திருங்கள்.

ஓராண்டு நகல் கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஒவ்வொருவரின் படம், ஜாதகம், கைப்பேசி எண் ஆகியவற்றை அவருக்கான தனிச் சாவியால் மறையாக்குங்கள். நீக்கும்போது சாவியை அழித்தால் பழைய நகல்களில் இருப்பவையும் படிக்க முடியாதவை ஆகிவிடும். சாவிகளை அதே டேட்டாபேஸில் வைத்தால் பயனில்லை, அவையும் அந்த மாதாந்திர நகலுக்குள் போய்விடும். வயது, ஊர் போன்று தேடலுக்கு வேண்டியவற்றை இப்படிப் பூட்டவும் முடியாது. அவை நகல் அழியும்வரை இருக்கவே செய்யும்.

லாகில் வருவது வேறு வகைச் சிக்கல். `/search?mobile=98XXXXXXXX` என்று முகவரியிலேயே எண் போனால், சர்வரின் அணுகல் லாகில் அது ஒவ்வொரு முறையும் பதிவாகும். லாகை இஷ்டத்துக்கு அழிக்கவும் முடியாது: இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் இட்ட உத்தரவு 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது, மேலே சொன்ன 2023ஆம் ஆண்டுச் சட்டத்துக்காக 2025 நவம்பரில் வெளியான விதிகள் 18 மாதம் கழித்து முழுதாக நடைமுறைக்கு வரும்போது, சில தேவைகளுக்காகத் தனிநபர் தரவையும் அதன் லாகையும் குறைந்தது ஓராண்டு வைக்க வேண்டும். ஆகவே முதலிலேயே எண்ணை முகவரியிலிருந்து எடுத்துவிடுங்கள், லாகில் 48213 மட்டும் விழட்டும். ஐபி முகவரி அங்கே மிஞ்சும். அதையும் பயனரிடம் சொல்லிவிடுங்கள். சட்டத்துக்காக வைப்பதைத் தளத்தின் டேட்டாபேஸிலேயே விடாமல் தனியே பூட்டி வையுங்கள்.

நீக்கியதும் அவருக்குப் போக வேண்டிய பதில் இப்படி இருக்கலாம்: “உங்கள் பக்கமும் படங்களும் மார்ச் 3 அன்று நீக்கப்பட்டன. தினசரி பேக்கப்பில் ஏப்ரல் 2 வரையும், மாதாந்திர பேக்கப்பில் அடுத்த மார்ச் 1 வரையும் இருக்கும். சட்டப்படி வைக்க வேண்டிய பதிவுகள் இவை, இந்தத் தேதி வரை. உங்கள் எண்ணைப் பார்த்த உறுப்பினர்களின் பட்டியல் இணைப்பில் உள்ளது. அவர்கள் எடுத்துவைத்த படங்களை எங்களால் திரும்பப் பெற முடியாது.”

இதில் தேதி போட முடியாத வரி எதுவோ, உங்கள் வேலையை அங்கிருந்து தொடங்குங்கள். மாதம் ஒருமுறை ஒரு பேக்கப்பைச் சோதனை சர்வரில் மீட்டு, பேரேட்டை ஓட்டி, நீக்கிய ஐந்து எண்களைத் தேடிப் பாருங்கள். ஒன்று கிடைத்தாலும், அந்த மாதம் ‘நீக்கிவிட்டோம்’ என்று பதில் பெற்ற எல்லோருக்கும் திருத்திய பதில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
டேட்டாபேஸும் பேக்கப்பும் பராமரிக்கும் பணியில் இருப்போர்