"சிறுவயது முதல்" என்று எழுதும் முன்: திருகோணமலையில் மனநல அறிக்கை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

பெரியவர்களுக்கு ஏடிஎச்டி என்னும் கவனக்குறைபாடு, மிகைச் செயல்பாட்டு நோய் இருக்கிறதா என்று பார்த்து அறிக்கை எழுதும் வைத்தியர்களுக்கும் உளவியலாளர்களுக்கும்,

நான் இந்த மாவட்டத்தில் மனநலப் பிரிவொன்றில் சமூகப் பணியாளராக வேலை செய்கிறவள். வந்த ஆளோடு பேசுவதை விட அவருடைய அம்மா, அண்ணன், பழைய வகுப்பாசிரியர் என்று சுற்றியிருப்பவர்களோடு பேசுவதுதான் என் வேலையில் பெரும்பகுதி. உங்கள் அறிக்கைகள் எங்கள் மேசைக்கு வரும்போது ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது: "கவனக்குறைபாடு சிறுவயது முதல் காணப்படுகிறது." யார் சொன்னது, எந்த வயதைப் பற்றிச் சொன்னது, வீட்டிலா பள்ளிக்கூடத்திலா, ஒன்றும் இருக்காது. அதற்கு மேல் வரியில் ஏ.எஸ்.ஆர்.எஸ். என்ற சுயமதிப்பீட்டுப் படிவத்தின் ஆறு கேள்வியில் ஐந்து பொருந்தியது என்று இருக்கும். கீழ் வரியில் மருந்து.

அந்த ஆறு கேள்விகளும் கடந்த ஆறு மாதத்தைப் பற்றித்தான் கேட்கின்றன. சிறுவயதைப் பற்றி அதில் ஒரு கேள்வி கூடக் கிடையாது. நாலு பொருந்தினால் மேலே விசாரிக்க வேண்டும் என்று அர்த்தம், நோய் இருக்கிறது என்று அர்த்தமில்லை. டி.எஸ்.எம்.-5 என்ற அமெரிக்க நோய் நிர்ணயக் கையேடு பெரியவர்களுக்கு ஒன்பதில் ஐந்து அறிகுறி போதும் என்று 2013இல் தளர்த்தியது உண்மை, ஆனால் பல அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும், குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும், வேறொன்றால் இதைவிடப் பொருத்தமாக விளக்க முடியாததாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளைக் கைவிடவில்லை. எங்கள் ஊரில் அந்த 12 வயது என்ற கோடு எங்கே விழுகிறது என்று யோசித்துப் பாருங்கள். இன்று முப்பதுகளில் இருக்கிறவர்களில் பலருக்கு அது 2004 டிசம்பர் 26க்குக் கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ விழுகிறது. இரண்டு வருடம் தள்ளினால் 2006இல் போரால் வந்த இடப்பெயர்வு. கவனம் சிதறியது சுனாமிக்கு முந்தியா பிந்தியா என்று கேட்காமல் இங்கே ஒரு சிறுவயது வரலாற்றை எழுதவே முடியாது.

ஒரு கதை சொல்கிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மூதூர்ப் பக்கத்துப் பெண், 1992இல் பிறந்தவர், அரச அலுவலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தர். கோவைகள் பாதியில் கிடக்கின்றன, கூட்டத் திகதி மறக்கிறது, மோட்டார் சைக்கிள் திறப்பு வாரத்துக்கொரு தரம் தொலைகிறது. இரவில் நித்திரை இல்லை, நெஞ்சு படபடக்கிறது. வெளியில் ஓரிடத்தில் காட்டி அரைப்பக்க அறிக்கை ஒன்று வாங்கி வந்திருந்தார். ஏடிஎச்டி, அதனால் வந்த பதகளிப்பு, அவ்வளவுதான். அந்த முடிவு பிழை என்று சொல்ல வரவில்லை. அதைப் படித்தவருக்கு அது சரியா பிழையா என்று பார்க்க வழியே இல்லை என்பதுதான் என் முறைப்பாடு.

உம்மாவிடம் கேட்டோம். "நல்ல பிள்ளை, ஒரு குறையும் சொல்ல ஏலாது." பெரும்பாலான அறிக்கைகள் இந்த இடத்தில் நின்றுவிடும், ஒன்றில் தாயார் மறுத்தார் என்று எழுதிவிட்டு, அல்லது தாயாரைக் கேட்காமலே. ஆனால் "கவனம் எப்படி இருந்தது" என்று கேட்டால் எந்தத் தாயும் அப்படித்தான் சொல்வாள். கேள்வியை மாற்ற வேண்டும். பள்ளிக்கூடப் பையை யார் அடுக்கினது? நான்தான். எத்தனையாம் வகுப்பு மட்டும்? எட்டு, ஒன்பது மட்டும். தங்கச்சிக்கும் நீங்களா அடுக்கினீங்கள்? இல்லை, அவள் மூன்றாம் வகுப்பிலேயே தானே அடுக்குவாள். வீட்டுப்பாடம் செய்யும்போது பக்கத்தில் இருந்தீங்களா? இருக்காவிட்டால் அவள் ஒரு வரி எழுதமாட்டாளே!

பாருங்கள், குறை இல்லாமல் இல்லை, உம்மா அதைத் தன் தலையில் சுமந்திருக்கிறா. பிள்ளையின் புள்ளிகள் அதனால்தான் விழாமல் இருந்தன.

தேர்ச்சி அறிக்கைகள் கடலோடு போய்விட்டன, அதனால் ஆட்களைத்தான் தேட வேண்டியிருந்தது. இரண்டு வயது மூத்த அண்ணன், கடைக்கு அனுப்பினால் எதற்கு வந்தோம் என்று கடை வாசலில் நின்று யோசிப்பாள் என்றார். நாலாம் வகுப்பில் படிப்பித்த ஆசிரியை ஓய்வு பெற்றுவிட்டார், தொலைபேசியில் கிடைத்தார். கூட்டல் கணக்கைக் கழித்துவிட்டு வருவாள், வாயால் கேட்டால் விடை சரியாகச் சொல்லுவாள், கேள்வியைக் கடைசி வரை வாசிக்க மாட்டாள், சேட்டை விடாத பிள்ளை என்பதால் ஒருவரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை என்றார். நாலாம் வகுப்பு என்றால் 2001. புலமைப்பரிசில் பரீட்சைக்கு முந்திய வருடம், சுனாமிக்கு மூன்று வருடம் முன்பு. வீட்டிலும் பள்ளியிலும், இரண்டு இடத்திலும், தனித்தனியாகக் கேட்ட மூன்று பேர் ஒரே மாதிரிப் பிள்ளையைச் சொல்கிறார்கள். இதைத்தான் அறிக்கையில் எழுத வேண்டும், யார் சொன்னார் என்பதோடு.

(அமைதியாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்பிள்ளைகள் எப்போதும் இப்படித்தான் தவறிப்போகிறார்கள். கதிரை மேல் ஏறி நிற்கிற பையனை அதிபர் வரைக்கும் தெரியும்.)

தாயின் மறுப்பை அப்படியே எடுக்கக் கூடாது என்பதற்கு நியூசிலாந்தின் டனீடின் ஆய்வையும் நினைவுபடுத்துகிறேன். 1972, 73இல் பிறந்தவர்களைப் பிறந்ததிலிருந்து பின்தொடர்ந்த ஆய்வு அது. 38 வயதில் ஏடிஎச்டி அறிகுறிகள் இருந்தவர்களில் பெரும்பாலானோருக்குச் சிறுவயதில் அது இருந்ததாகப் பதிவே இல்லை என்று 2015இல் எழுதினார்கள், அதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே ஆய்வில், சிறுவயதில் உண்மையாகவே இருந்ததாகப் பதிவான பிள்ளைகளின் பெற்றோரில் பெரும்பாலானோர் பிற்காலத்தில் அதை மறந்திருந்தார்கள் என்பதும் இருக்கிறது. ஞாபகம் இரண்டு பக்கமும் ஏமாற்றும்.

இனிப் பதகளிப்புக்கு வருகிறேன், ஏனென்றால் அறிக்கைகள் உண்மையில் சறுக்குவது இங்கேதான். மனதை ஒருநிலைப்படுத்த முடியாமை என்பது பொதுப் பதகளிப்பு நோயின் அறிகுறிப் பட்டியலிலும் இருக்கிறது, மனச்சோர்விலும் இருக்கிறது, நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயிலும் இருக்கிறது. ஒரே முறைப்பாட்டை நாலு பெட்டியில் புள்ளடி போட்டுவிட்டு நாலு நோய் என்று எழுதுவது சுலபம். ஆகவே கவனம் போகிறதா என்று கேட்பதில் பயனில்லை, எங்கே போகிறது, எப்போது போகிறது என்று கேட்க வேண்டும்.

இந்தப் பெண்ணிடம் கேட்டோம். சுற்றறிக்கை ஒன்றை வாசிக்கும்போது மனம் எங்கே போகும்? எங்கேயும் போகும், வெளியில் நிற்கிற முருங்கை, இரவைக்கு என்ன கறி, அக்காவின் கலியாணச் சாரி. பயம் இல்லை, கவலை இல்லை, சும்மா நழுவுகிறது. பதகளிப்பில் மனம் போவது கவலையிடம், அது ஒரு பிடியாகப் பிடித்துக்கொண்டு விடாது. மனவடுவில் அது ஒரு சத்தத்திடமோ ஒரு காட்சியிடமோ போகும், அல்லது வாசலைக் கண்காணித்தபடி இருக்கும். அவருக்கு அதுவும் ஒரு காலத்தில் இருந்தது: அலை வந்த பிறகு மாதக்கணக்கில் கடல் பக்கம் போகவில்லை, 2006 ஆகஸ்டில் கந்தளாய்க்கு ஓடிய பிறகு வெடிச்சத்தம் மாதிரி எது கேட்டாலும் உடல் தூக்கிப்போடும். அது சில வருடங்களில் தணிந்துவிட்டது, கடற்கரைக்கு இப்போது பிள்ளைகளோடு போகிறார். ஆனால் அது தணிந்த அமைதியான வருடங்களிலும் பால் அடுப்பில் பொங்கி வழிந்துகொண்டுதான் இருந்தது. பதகளிப்பு இல்லாத காலத்தைத் தேடிப்பிடித்து, அப்போது கவனம் எப்படி இருந்தது என்று கேட்பதை விடப் பயனுள்ள கேள்வி இந்த வேலையில் எனக்குத் தெரிந்து இல்லை.

இப்போதுள்ள படபடப்பு வேறு. அது வேலை கிடைத்த பிறகு தொடங்கியது. எதை மறந்தேன், எந்தக் கோவையை விட்டேன், கதவைப் பூட்டினேனா என்று திரும்பிப் போய்ப் பார்க்கிறார். இதில் ஒரு பாதி, மறதிக்குத் தானே போட்டுக்கொண்ட முண்டு. ஆனால் மறுபாதி பிள்ளையின் காய்ச்சல், கணவரின் பயணம், மாதக்கடன் என்று எல்லாவற்றுக்கும் பரவி, தோள் இறுகி, மாதக்கணக்காக நிற்கிறது. அது தன் காலில் நிற்கிற பொதுப் பதகளிப்பு. "ஏடிஎச்டியினால் வந்த" என்று ஒட்டிவிட்டால் அதற்கு யாரும் சிகிச்சை தரமாட்டார்கள், கவனத்துக்கு மருந்து கொடுத்தால் தானாகப் போய்விடும் என்று காத்திருப்பார்கள். அதற்குத் தனித் தலைப்பு, தனித் தொடக்கக் காலம், தனிச் சிகிச்சை வேண்டும்.

மற்றவற்றை விரைவாகச் சொல்கிறேன். தைரொய்ட், இரத்தச்சோகை இரண்டுக்கும் இரத்தம் பார்த்தோம், பிரச்சினை இல்லை. இரண்டு வாரம் நித்திரைக் குறிப்பு எழுதச் சொன்னோம், சராசரி ஐந்து மணித்தியாலம், அதில் ஒரு பங்கு கைத்தொலைபேசி. நித்திரையைச் சரிக்கட்டிய பின்பும் மறதி குறைந்ததே தவிரப் போகவில்லை. வந்து வந்து போகும் அதீத உற்சாகக் காலங்கள் இருந்தனவா என்று கேட்டோம், இல்லை. மது, கஞ்சா இல்லை. ஆண்களிடம் இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். நித்திரைக் கேள்வியையும் விடாதீர்கள்: இரவு வேலை செய்துகொண்டு குறட்டை விடும் ஓர் இளைஞர் ஆறில் ஆறும் பொருந்தி வந்தார். சிறுவயதில் ஒரு தடயமும் கிடைக்கவில்லை, நித்திரையில் மூச்சுத் தடைப்படும் நோய்தான் இருந்தது.

இந்தப் பெண்ணின் இரண்டாவது அறிக்கையும் கவனக்குறைபாடு மேலோங்கிய ஏடிஎச்டி என்றுதான் முடிந்தது. ஆனால் அதில் மூன்று சாட்சிகளின் உறவும் அவர்கள் பேசிய வயதும் இருந்தன, தேர்ச்சி அறிக்கை கிடைக்கவில்லை என்பதும் அதனால் உறுதி எவ்வளவு என்பதும் இருந்தன, பழைய மனவடு இப்போது நோயின் அளவில் இல்லை என்பதற்குக் காரணம் இருந்தது, பதகளிப்பு தனியாக இருந்தது. மருந்துக்கு முன் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் எழுதப்பட்டிருந்தன. ஏடிஎச்டிக்குக் கொடுக்கும் மெதில்பெனிடேட் நாடியைக் கூட்டக்கூடியது. ஏற்கெனவே படபடக்கும் ஒருவரிடம் முதல்நாள் எண்ணிக்கை இல்லாவிட்டால், மூன்றாம் வாரம் அவர் நெஞ்சு அடிக்கிறது என்று வந்து நிற்கும்போது அது மருந்தா பதகளிப்பா என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

நேரமில்லை என்பீர்கள். கிளினிக் நாளில் வெளியே நிற்கும் வரிசை எனக்கும் தெரியும். ஒருவரை அம்மாவையும் கூட்டிக்கொண்டு மூதூரிலிருந்து இன்னொரு நாள் வரச் சொன்னால் ஒரு நாள் சம்பளம் போகும் என்பதும் தெரியும். ஆகவே வரச் சொல்ல வேண்டாம். முதல் நாளே கிளினிக் கொப்பியில் தாயின் அல்லது மூத்த சகோதரரின் தொலைபேசி இலக்கத்தை, நோயாளியின் சம்மதத்தோடு, எழுதி வாங்குங்கள். வீட்டில் பழைய தேர்ச்சி அறிக்கை இருந்தால் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த அழைப்பை நீங்கள் எடுக்க முடியாவிட்டால் எங்களைப் போன்றவர்களிடம் விடுங்கள், பையை யார் அடுக்கினது என்பதிலிருந்து நாங்கள் தொடங்குகிறோம். அது வந்து சேரும் வரை அறிக்கையில் "சிறுவயது வரலாறு இன்னும் பெறப்படவில்லை" என்று எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
திருகோணமலையிலிருந்து ஒரு மனநல சமூகப் பணியாளர்