ஆறாம் வகுப்புப் பெற்றோருக்கு: வடிவத் தாளில் இணைகரத்துக்கு ஏன் பூஜ்ஜியம்?

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். சமச்சீர்த்தன்மைப் பாடத்துக்கான வடிவத் தாள் திருத்தப்பட்டு உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும். ஒவ்வொரு வடிவத்துக்கும் எதிரே இரண்டு கட்டங்கள் உள்ளன. ஒன்று சமச்சீர்க் கோடுகளின் எண்ணிக்கைக்கு, மற்றது சுழல் சமச்சீர் வரிசைக்கு. பல தாள்களில் மூன்றாவது வடிவமான இணைகரத்துக்குப் பிள்ளைகள் 'கோடுகள் 2' என்று எழுத, ஆசிரியை அதை அடித்து 0 என்று திருத்தியிருக்கிறார்.

இதைப் பற்றிப் பள்ளி வாசலில் ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "சார், குறுக்கே கோடு போட்டா ரெண்டு பக்கமும் ஒரே முக்கோணம்தானே வருது? அப்புறம் எப்படி சார் தப்பு?" நியாயமான கேள்வி. அவர் சொன்னதும் உண்மைதான். இணைகரத்தின் மூலைவிட்டம் அதைச் சர்வசமமான இரண்டு முக்கோணங்களாகப் பிரிக்கிறது. ஆனால் இரண்டு பாதிகளும் சமமாக இருப்பது மட்டும் சமச்சீர்க் கோட்டுக்குப் போதாது. கோட்டின் மேல் மடித்தால் ஒரு பாதி மற்றதன் மேல் அச்சாகப் படிய வேண்டும். இணைகரத்தில் அது நடக்காது.

வீட்டில் செய்து பாருங்கள், பத்து நிமிடம் போதும். ஒரு தாளில் 8 செ.மீ. நீளத்துக்கு அடிப்பக்கம் வரையுங்கள். அதன் இடது முனை அ, வலது முனை ஆ. அ-வில் 60° கோணத்தில் 5 செ.மீ. நீளமுள்ள சாய்ந்த பக்கம் வரைந்து, அதன் மேல் முனையை ஈ என்று குறியுங்கள். ஈ-யிலிருந்து வலப்பக்கமாக, அடிப்பக்கத்துக்கு இணையாக 8 செ.மீ. போனால் இ கிடைக்கும். இ-யையும் ஆ-வையும் இணைத்தால் இணைகரம் தயார். அதை வெட்டி எடுத்து, அ-வையும் இ-யையும் சேர்க்கும் மூலைவிட்டத்தில் மடியுங்கள். ஆ என்ற மூலை ஈ-யின் மேல் வந்து உட்காராது, வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். காரணம் அளவிலேயே இருக்கிறது. மடிப்பில் உள்ள அ நகரவில்லை. அங்கிருந்து ஆ 8 செ.மீ. தூரத்தில் இருக்கிறது, ஈ 5 செ.மீ. தூரத்தில்தான் இருக்கிறது. பிறகு ஒன்றின் மேல் மற்றொன்று எப்படிப் படியும்? அடுத்தடுத்த பக்கங்கள் சமமாக இருந்தால் படியும். அப்போது அது சாய்சதுரம், அதற்கு இரண்டு மூலைவிட்டங்களுமே சமச்சீர்க் கோடுகள்.

சில பிள்ளைகள் மூலைவிட்டத்தை விட்டுவிட்டு, 8 செ.மீ. பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணைத்து மடித்திருக்கிறார்கள். செவ்வகத்தில் இது சரியாக வரும். இணைகரத்தில் அந்த நடுக்கோடு அடிப்பக்கத்தை ஒரு புறம் 60° கோணத்திலும் மறுபுறம் 120° கோணத்திலும் வெட்டுகிறது. மடிக்கும்போது இந்த இரண்டு கோணங்களும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்த வேண்டும், 90° ஆக இருந்தால் மட்டுமே அது நடக்கும். மீதமிருக்கும் மடிப்புகளையும் முயன்று பார்க்கட்டும். ஒன்றும் படியாது. அதனால்தான் அந்தக் கட்டத்தில் 0.

அப்படியானால் அந்தத் தாய் கண்ட இரண்டு ஒரே மாதிரியான முக்கோணங்கள்? அவை பொருந்துவது மடிப்பால் அல்ல, சுழற்சியால். இரண்டு மூலைவிட்டங்களும் வெட்டிக்கொள்ளும் புள்ளிதான் இணைகரத்தின் மையம். மெல்லிய டிரேசிங் தாளில் இணைகரத்தின் ஓரத்தை நகலெடுத்து, அசல் வடிவத்தின் மேல் வைத்து, மையத்தில் பென்சில் முனையை ஊன்றிக்கொள்ளுங்கள். குண்டூசியும் வேலை செய்யும், சின்னப் பிள்ளைகள் கையில் பென்சில் பாதுகாப்பு. மேல்தாளில் அ மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள். இந்தப் புள்ளி இல்லாவிட்டால் எத்தனை முறை பொருந்தியது, சுற்று எங்கே முடிந்தது என்று தடுமாறிவிடுவோம். இப்போது மேல்தாளை மெதுவாகச் சுழற்றுங்கள். 90°-இல் பொருந்தாது. 180°-க்கு வரும்போது நான்கு பக்கமும் அப்படியே பொருந்தும், சிவப்புப் புள்ளி இ-யின் மேல் இருக்கும். மேலும் சுழற்றினால், முழுச் சுற்று முடிந்து புள்ளி அ-வுக்குத் திரும்பும்போது மறுபடி பொருந்தும். ஆக ஒரு முழுச் சுற்றில் இரண்டு பொருத்தம். சுழல் சமச்சீர் வரிசை 2.

இங்கே எண்ணுவதில் ஒரு வழுக்கல் உண்டு. சுழற்றத் தொடங்குவதற்கு முன் இருந்த நிலையையும் ஒரு பொருத்தமாக எண்ணி, முடிவில் வந்ததையும் எண்ணினால் விடை ஒன்று கூடிவிடும். சதுரத்துக்கு 5 என்று எழுதியிருக்கும் தாள்களில் நடந்தது இதுதான். தொடக்கத்தை எண்ண வேண்டாம், 360°-இல் வருவதை எண்ணுங்கள். சரிபார்க்க, 360-ஐ வரிசையால் வகுத்துப் பாருங்கள். முதல் பொருத்தம் அந்தக் கோணத்தில் வர வேண்டும். சதுரத்துக்கு 90°, சமபக்க முக்கோணத்துக்கு 120°. 5 என்றால் 72°-இல் சதுரம் பொருந்த வேண்டும், பொருந்தவில்லை என்பது கண்ணுக்கே தெரியும்.

எந்த வடிவமும் முழுச் சுற்று சுற்றினால் பழைய இடத்துக்கு வந்துதானே தீரும்? எனவே வரிசை குறைந்தது 1. அந்த 1 மட்டும்தான் என்றால் அந்த வடிவத்துக்குச் சுழல் சமச்சீர் இல்லை என்று கொள்கிறோம். தாளில் உள்ள பட்ட வடிவமும் இருசமபக்க முக்கோணமும் இந்த வகை. இரண்டுக்கும் நட்டநடுவே ஒரு சமச்சீர்க் கோடு உண்டு, ஆனால் தலைகீழாகச் சுழற்றினால் பொருந்தாது. 'வரிசை 1' என்று எழுதினாலும் 'சுழல் சமச்சீர் இல்லை' என்று எழுதினாலும் மதிப்பெண் உண்டு. 'வரிசை 0' என்று எழுதினால் கிடையாது.

இனி, தாளை மடிக்காமலே உங்கள் பிள்ளையின் விடையைச் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். இந்தத் தாளில் உள்ள எந்த வடிவத்திலும் சமச்சீர்க் கோடுகளின் எண்ணிக்கை 0 ஆக இருக்கும், அல்லது சுழல் வரிசைக்குச் சமமாக இருக்கும். மூன்றாவது வாய்ப்பே கிடையாது. செவ்வகம் 2, 2. சாய்சதுரமும் 2, 2. சதுரம் 4, 4. பட்டம் 1, 1. இணைகரம் 0, 2. செவ்வகத்துக்கு ஒரு பிள்ளை 'கோடுகள் 2, வரிசை 4' என்று எழுதியிருந்தால், எது தவறு என்று பார்ப்பதற்கு முன்பே எங்கோ தவறு இருக்கிறது என்று சொல்லிவிடலாம். (நான்கு மூலைகளைப் பார்த்து 4 என்று எழுதியிருப்பார்கள், ஆனால் செவ்வகத்தை 90° சுழற்றினால் படுத்திருந்தது நிமிர்ந்து நிற்கும்.) ஒழுங்கு அறுகோணத்துக்கு 'கோடுகள் 3, வரிசை 6' என்று வந்திருப்பதும் இதே போலத்தான். எதிரெதிர் மூலைகளை இணைக்கும் மூன்று கோடுகளைக் கண்டவர்கள், எதிரெதிர்ப் பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணைக்கும் மூன்றை விட்டுவிட்டார்கள். சரியான விடை 6, 6.

இது ஏன் இப்படி என்று கேட்கும் பிள்ளைக்கு ஒரு செவ்வக அட்டை போதும். இடது மேல் மூலையில் ஒரு புள்ளி வைத்து, புள்ளி பின்பக்கமும் தெரியும்படி மை ஊற விடுங்கள். அட்டையை இடம் வலமாகப் புரட்டினால் புள்ளி வலது மேல் மூலைக்குப் போகும். பிறகு மேல் கீழாகப் புரட்டினால் வலது கீழ் மூலைக்குப் போகும். புரட்டாமல் 180° சுழற்றியிருந்தாலும் புள்ளி அங்கேதான் வந்திருக்கும். அதாவது இரண்டு சமச்சீர்க் கோடுகள் சேர்ந்தால் ஒரு சுழற்சி பிறந்துவிடுகிறது, சுழலும் அளவு அந்தக் கோடுகளுக்கு இடையிலான கோணத்தைப் போல இரு மடங்கு. மறுதலை உண்மையல்ல. சுழற்சிகள் எத்தனை சேர்ந்தாலும் சுழற்சியாகவே இருக்கும், அவற்றிலிருந்து ஒரு மடிப்புக் கோடு வராது. இணைகரமும் ஆங்கில எழுத்துகளான எஸ், இசட், என் ஆகியவையும் கோடே இல்லாமல் வரிசை 2 பெறுவது இதனால்தான். 69 என்ற எண்ணையும் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள்.

தாளின் கடைசிப் படம் காகிதக் காற்றாடி. வரிசை 4, கோடுகள் 0. இதற்குத்தான் வகுப்பில் அதிக வாக்குவாதம் நடந்ததாக ஆசிரியை சொன்னார். நான்கு இறக்கைகளும் ஒரே பக்கமாக வளைந்திருக்கின்றன. கண்ணாடியில் பார்த்தால் எதிர்ப்பக்கம் வளைந்ததாகத் தெரியும், ஆகவே எந்த மடிப்பும் பொருந்தாது. இறக்கைகள் இருபுறமும் ஒரே மாதிரி இருந்திருந்தால் நேரே எதிரில் வீசும் காற்றுக்கு எந்தப் பக்கம் சுற்றுவது என்று முடிவு செய்யக் காரணமே இருக்காது. காற்றாடி சுற்றுவதே அதற்குச் சமச்சீர்க் கோடு இல்லாததால்தான் என்று சொன்னால் மிகையல்ல.

திருத்தத்தோடு ஒரு கூடுதல் கேள்வியும் வைத்திருக்கிறோம், நமது தேசியக் கொடியைப் பற்றி. நடுவில் உள்ள அசோகச் சக்கரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் 24 ஆரங்கள், அடுத்தடுத்த ஆரங்களுக்கு இடையே 15°. வரிசை 24, கோடுகளும் 24. ஆரங்களின் வழியே 12, ஆரங்களுக்கு நடுவே 12. முழுக் கொடிக்கு விடை என்ன என்பதே கேள்வி. நிறத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 180° திருப்பினால் பச்சை மேலே வந்துவிடும் என்பதை மட்டும் பிள்ளையிடம் நினைவூட்டுங்கள், மீதியை அவர்களே கண்டுபிடிக்கட்டும். நிறமே இல்லாமல் வெறும் கோடுகளால் வரைந்த கொடி என்றால் விடை எப்படி மாறும் என்பதையும் அடுத்த வரியில் எழுத வேண்டும்.

திருத்திய தாளைப் பெற்றோர் கையொப்பத்துடன் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியையிடம் கொடுத்தனுப்புங்கள். வெட்டிய இணைகரத்தையும் டிரேசிங் தாளையும் தாளின் பின்புறம் ஒட்டி அனுப்பினால் நல்லது. மடிப்பு விழுந்த தழும்பு இருக்கட்டும், அதை வைத்துத்தான் எந்தக் கோட்டை முயன்றார்கள் என்று ஆசிரியை பார்ப்பார்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்