சங்கருக்கு: முதல் வரியில் சிம்மை எழுது

அன்புள்ள சங்கர்,

அப்பாவின் கணக்குகளை எல்லாம் ஒரு தாளில் எழுதப்போகிறேன், பேங்கில் இருந்து ஆரம்பிக்கட்டுமா என்று கேட்டாய். வேண்டாம்டா, போனில் இருந்து ஆரம்பி. ஏன் என்று சொல்கிறேன்.

போன வருஷம் மாமாவை ஐசியூவில் சேர்த்த இரவு அவருடைய போன் சார்ஜ் இல்லாமல் அணைந்துவிட்டது. சார்ஜ் ஏற்றி மறுபடி ஆன் செய்தேன். அவர் விரலை வைத்துத் திறந்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் அணைந்து எழுந்த போன் முதல் தடவை பின் நம்பரைத்தான் கேட்கும், கைரேகையை ஏற்காது. அந்த நம்பர் எனக்குத் தெரியாது. இன்சூரன்ஸ் அட்டை அவர் மெயிலில் இருந்தது. மெயிலைத் திறக்க ஓடிபி அதே போனுக்கு வர வேண்டும். சிம்மைக் கழற்றி என் போனில் போட்ட பிறகுதான் ஓடிபி வந்தது. சிம்முக்கும் பின் போட்டிருந்தால் அதுவும் நடந்திருக்காது. மூன்று முறை தப்பாக அடித்தால் பியுகே என்கிற திறப்பு நம்பரைக் கேட்கும்.

சிம் தொலைந்தாலோ வேறு சிக்கல். அதே நம்பருக்குப் புது சிம் வாங்கினால் முதல் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். வராது, மோசடியைத் தடுக்க வைத்திருக்கும் விதி அது. வாங்கவும் சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் போக வேண்டும்.

அதனால் முதல் வரியில் அப்பாவின் நம்பர், சிம் யார் பெயரில், எந்த கம்பெனி என்று எழுது. அடுத்து மெயில் முகவரி. அதன் கீழே அந்த நம்பரையும் மெயிலையும் நம்பி நிற்கிற பேங்க், இன்சூரன்ஸ், கேஸ், ஈபி. பாஸ்வேர்டு எதையும் தாளில் எழுதாதே. போன் பின் நம்பரையும் கூகுள் தரும் 10 பேக்கப் கோடுகளையும் தனிக் கவரில் போட்டு ஒட்டு. ஒவ்வொரு கோடும் ஒரு முறைதான் வேலை செய்யும்; ஓடிபி வராத நாளில் அதுதான் கை கொடுக்கும்.

பேங்க் விஷயத்தில் மட்டும் ஓடிபியை நம்பாதே. அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கும்போது அவர் பெயரில் நெட் பேங்கிங்கில் நுழைவது சரியில்லை. அவர் நன்றாக இருக்கும்போதே அம்மாவையும் சேர்த்து, இருவரில் யாரும் எடுக்கலாம் என்கிற ஜாயின்ட் கணக்கு ஒன்று ஆரம்பித்துவிடு. நாமினியாகப் பெயர் இருந்தால் போதும் என்று அப்பா சொல்வார். அவர் உயிரோடு இருக்கும்வரை நாமினியால் ஒரு ரூபாய் எடுக்க முடியாது.

தாளின் ஒரு பிரதி உன்னிடம் திருச்சியில் இருக்கட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரியில் நம் பீரோவின் கீழ்த்தட்டு என்ன ஆனது என்று உனக்கே தெரியும்.

அப்புறம், எழுதி முடித்ததும் தாளையும் கவரையும் அம்மா கையில் கொடுத்து, நீ ஒரு வார்த்தை பேசாமல் பக்கத்தில் உட்கார். அவற்றை வைத்து அப்பாவின் மெயிலை அவர்களே திறக்கட்டும். எங்கள் வீட்டில் நான் இப்படிச் செய்து பார்த்தபோது, மாமாவின் மெயிலில் மீட்பு நம்பராக இருந்தது அவர் எப்போதோ விட்டுவிட்ட பழைய நம்பர். அது இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. உடனே மாற்றினேன். அப்பா மெயிலில் எந்த நம்பர் இருக்கிறது என்று இன்றைக்கு ராத்திரியே பார்த்துச் சொல்.

அக்கா