நீ அனுப்பிய நாலு வரி மெசேஜ்

அன்பு மகன்,

ஷிப்ட் மாற்றித் தரச் சொல்லி நீ எழுதிய மெசேஜின் ஸ்கிரீன்ஷாட்டை நேற்று இரவு பார்த்தேன். "இதை சொன்பேனிமுக்கு அனுப்பலாமா அப்பா?" என்று கேட்டிருந்தாய். சொன்பேனிம் என்றால் வேலையில் உனக்கு மூத்தவர், தயவு செய்து அனுப்பாதே. போனில் கொரிய எழுத்து அடிக்க எனக்கு இன்னும் கை வராது, அதனால் கொரியனையும் தமிழிலேயே எழுதுகிறேன். நீ ஹங்குலில் மாற்றிக்கொள்.

நீ எழுதியதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் முழுக்க பன்மல்லில், மரியாதை இல்லாத பேச்சில், இருக்கிறது. அதற்கு உன்னைக் குறை சொல்ல மாட்டேன். வகுப்பில் மரியாதைப் பேச்சுத்தான் படித்தாய். தொழிற்சாலைக்குள் போன நாளிலிருந்து காதில் விழுவதெல்லாம் "இரிவா", "பாலி ஹே", இங்கே வா, கெதியா செய். அவர்கள் உனக்குப் பேசுவதை நீ அப்படியே அவர்களுக்குத் திருப்பிப் பேசுகிறாய். நானும் இதே குழியில் விழுந்தவன்தான்.

2011இல் நான் அன்சானில் பிளாஸ்டிக் வார்ப்பு வேலையில் இருந்தேன். கொரியனில் 'நா' என்றால் நான், 'நீ' என்றால் நீ, 'அப்பா' என்றால் அப்பா. இதெல்லாம் நம்முடைய மொழிதானே என்று எனக்கு ஒரே புளுகம். ஒருநாள் பல் வலி தாங்கவில்லை. என்னைவிட ஏழு வயது மூத்த கொரியருக்கு எஸ்எம்எஸ் அடித்தேன்: "நேயில் நா மோத் கா. நீகா ஹே." நாளைக்கு நான் வரமாட்டேன், நீ செய். மனுசன் எனக்காக வந்து வேலை செய்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. ஊரில் பெரியய்யாவிடம் போய் "நீ செய்" என்று சொன்னால் என்ன ஆகுமோ, அதுதான் அங்கேயும்.

'நீ' வேண்டாம் என்றால் அகராதி 'தங்ஷின்' என்று ஒன்றைக் காட்டும். அதை 'நீங்கள்' என்று நினைத்துவிடாதே. புருசன் பெண்சாதி பேசும்போது வரும், தெருச் சண்டையிலும் வரும். மூத்தவரிடம் சொல்லும் வார்த்தை அது இல்லை. கொரியனில் மூத்தவருக்கு 'நீங்கள்' என்று தனியாக ஒரு சொல்லே இல்லை என்று வைத்துக்கொள். 'நீங்கள்' வரவேண்டிய இடத்திலெல்லாம் 'சொன்பேனிம்' என்றே திருப்பித் திருப்பி எழுது. தமிழில் படித்தால் அலுப்பாக இருக்கும். அங்கே அதுதான் சரி.

இப்போது உன் விஷயம். 14ஆம் தேதி வியாழன் உனக்குப் பகல் ஷிப்ட். அன்றைக்குத்தான் குடிவரவு அலுவலகத்தில் நேரம் கிடைத்திருக்கிறது. சொன்பேனிமுக்கு அன்று ஓய்வு. உனக்கு 17, 18 ஓய்வு. 14ஆம் தேதி அவர் உனக்காகச் செய்ய முடியுமா என்று கேட்டு, 17 அல்லது 18 நீ அவருக்காகச் செய்வதாகவும், கஷ்டமென்றால் தயங்காமல் சொல்லும்படியும் இப்படி எழுது:

"சொன்பேனிம், அன்னியொங்ஹாசேயோ. ஷ்விஷினுன்தே யொல்லக் துரியொசொ ஜ்வேசொங்ஹம்னிதா. தாருமி அனிரா, ஜேகா 14இல் மொகியோயிலே சுரிப்குக் சாமுசோ யேயாகி இன்னுன்தே, ஹொக்ஷி குனால் ஜுகன் குன்முருல் பாக்வோ ஜுஷில் சு இஸ்ஸுல்காயோ? ஜோனுன் 17இல், 18இல் ஹியூமுயிம்னிதா. சொன்பேனிம் ப்யொன்ஹாஷின் நாரே ஜேகா தேஷின் குன்முஹாகெஸ்ஸும்னிதா. ஒரியொஉஷிம்யொன் ப்யொன்ஹாகே மல்ஸும்ஹே ஜுசேயோ. கம்சாஹம்னிதா."

(14இல் என்பதில் வரும் 'இல்' நம்முடைய வேற்றுமை உருபு இல்லை. கொரியனில் நாளுக்கு 'இல்' என்றுதான் பெயர்.)

ஓய்வு எடுக்கும் நேரத்தில் தொந்தரவு செய்வதற்கு முதலில் மன்னிப்பு. அப்புறம் 'தாருமி அனிரா'. இதைத் தமிழில் தேடி அலைய வேண்டாம், நாம் போன் எடுத்ததும் சொல்லுகிற "வேறொன்றுமில்லை..." அதேதான். அது வந்ததுமே, பையன் ஏதோ கேட்கப் போகிறான் என்று அவர் தயாராகிவிடுவார். காரணத்தை ஒரே வரியில் சொன்னால் போதும். சுரிப்குக், அதாவது குடிவரவு அலுவலகம், என்றால் எல்லோருக்கும் தெரியும், அந்த நாளை நீ நினைத்தபடி மாற்ற முடியாது என்பதும் தெரியும்.

'பாக்வோ ஜுஷில் சு இஸ்ஸுல்காயோ' என்பதைக் கொஞ்சம் கவனி. பாக்வோ, மாற்றி. ஜு, தா. மாற்றித் தா என்று நாம் சொல்கிற அதே அமைப்பு. நடுவில் வரும் 'ஷி' அவருக்கான மரியாதை. அது அவர் செய்கிற வேலைக்கு மட்டும்தான் வரவேண்டும். பவ்யமாக எழுதுகிற அவசரத்தில் "ஜேகா ஹாஷிகெஸ்ஸும்னிதா" என்று உனக்கே ஷி போட்டுவிடாதே, "நான் செய்தருள்கிறேன்" என்பது போல ஆகிவிடும். உனக்கு நா, நேகா வேண்டாம். ஜோ, ஜேகா என்று தாழ்த்திச் சொல்.

உன் மெசேஜில் "உன்னுடைய இரவு ஷிப்டை நான் எடுக்கிறேன்" என்று போட்டிருந்தாய். நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறாய். ஆனால் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை செய்யும் வேலைக்கு மணிக்குக் கூலியில் பாதி கூடுதலாக வரும். நீ அதை எடுத்தால் அவருடைய பணமும் உன் பக்கம் வந்துவிடும். சிலர் அந்தப் பணத்தை நம்பித்தான் வீட்டுக் கடன் கட்டுகிறார்கள், சிலருக்கோ தூக்கம்தான் பெரிது. நீயாக முடிவு செய்யாதே. அதனால்தான் உன் ஓய்வு நாட்களைச் சொல்லிவிட்டு, அவருக்கு வசதியான நாளை அவரே எடுக்கட்டும் என்று எழுதியிருக்கிறேன்.

எல்லாவற்றையும் ஒரே மெசேஜாக அனுப்பு. "சொன்பேனிம்" என்று ஒன்று, "ஒரு உதவி" என்று இன்னொன்று, இப்படித் துண்டு துண்டாக அனுப்பினால் ஓய்வில் இருக்கிற மனுசனுடைய போன் நாலு தரம் அடிக்கும். காகாவோவில் மஞ்சள் நிறத்தில் இருக்கும் 1 மறைந்துவிட்டால் அவர் பார்த்துவிட்டார். பார்த்தும் பதில் இல்லையே என்று உடனே மறுபடி தட்டாதே. தன் அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"நே, குரேயோ" என்று வந்தால் சம்மதம். "குனாருன் ஜோம்..." என்று பாதியில் நின்றால், மீதி வரப்போகிறது என்று காத்திருக்காதே. அன்றைக்குக் கொஞ்சம்... என்று இழுத்தால் முடியாது என்று அர்த்தம். நம் ஊரில் "பாப்பம்" என்பார்களே, அதே இழுவை. ஏன் என்று கேட்காமல் "நே, க்வென்சன்ஸும்னிதா. கம்சாஹம்னிதா" என்று முடித்துவிட்டு வேறு ஆளைக் கேள். முடிக்கும்போது, பாடுபடுங்கள் என்கிற "சுகோஹாசேயோ" போட வேண்டாம். இளையவன் மூத்தவருக்கு அதைச் சொல்வது பல பேருக்குப் பிடிக்காது.

அவர் சரி சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துப் படுத்துவிடாதே. உங்கள் குழுத் தலைவர் பன்ஜங்னிமிடம் இரண்டு பேருடைய பெயரையும் இரண்டு தேதிகளையும் சொல்லி, அவர் அட்டவணையில் மாற்றி எழுதுகிற வரைக்கும் 14ஆம் தேதி ஷிப்ட் உன்னுடையதுதான். சொன்பேனிம் மறந்துபோய் வராவிட்டால் வராதவன் என்று உன் பெயர்தான் எழுதப்படும்.

அப்புறம், 17 அல்லது 18க்குப் போகும்போது இரண்டு டின் கோப்பி வாங்கிக்கொண்டு போ. அன்சானில் பேச்சை நிறுத்திய அந்த மனுசன் மறுபடி என்னோடு பேசியது மெஷினில் எடுத்த 300 வொன் கோப்பியால்தான். "பல் சரியாச்சா?" என்று கேட்டார், பன்மல்லில்தான்.

அம்மா பக்கத்தில் இருக்கிறா. பாஸ்போர்ட்டையும் பதிவு அட்டையையும் முதல் நாள் இரவே பையில் எடுத்து வைக்கச் சொல்கிறா. மெசேஜை எழுதிவிட்டு அனுப்பும் முன் எனக்கு ஒருதரம் காட்டு.

அப்பா