டிராக்டர் பொது எண்ணெயின் தகர டின்னில் விடுபட்ட ஒரு வரி: புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு மேலாளர்

பொருள்: ஆயில் பிரேக் டிராக்டர்களுக்கான கியர், ஹைட்ராலிக் பொது எண்ணெய் குறித்து

ஐயா,

தங்கள் எண்ணெயை ஊற்றிய பிறகு, அதே எண்ணெயில் மூழ்கி இயங்கும் என் டிராக்டரின் ஆயில் பிரேக் அலறுகிறது. எண்ணெய் சூடேறியதும் பிரேக் மிதியை அழுத்தினால், வண்டி நிற்கப்போகும் கடைசி நொடியில் பின் அச்சிலிருந்து நறநறவென்று சத்தம் எழுந்து மிதி அதிர்கிறது. ஹைட்ராலிக் தூக்கியிலும் கியரிலும் குறையில்லை. அளவுக்கோலில் எண்ணெய் சரியாக நிற்கிறது. நீர் கலந்தால் தெரியும் பால் நிறமும் இல்லை. எண்ணெயை வடித்து, கையேடு கேட்கும் ஜே20சி என்ற டிராக்டர் தயாரிப்பாளர் தரத்துக்கு ஒப்புதல் பெற்ற வேறு எண்ணெயை ஊற்றினேன். சிறிது நேரம் ஓட்டியதும் சத்தம் பெருமளவு அடங்கியது. எனவே கோளாறு பிரேக் தட்டுகளில் இல்லை, எண்ணெயில்தான்.

தங்கள் அலுவலகம் தந்த பதில், "எங்கள் எண்ணெய் ஜிஎல்-4 தரம், ஆகவே பொருத்தமானது" என்பது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. ஜிஎல்-4 கியர் பற்களின் பாதுகாப்பைப் பற்றியது. டின்னில் உள்ள 10டபிள்யூ-30 குளிரிலும் சூட்டிலும் எண்ணெய் எவ்வளவு தடிமனாக இருக்கும் என்பதை மட்டுமே சொல்கிறது. ஐஎஸ்ஓ 68 என்பதும் தடிமன்தான். இவற்றில் எதுவும் எண்ணெயில் மூழ்கிய பிரேக் தட்டுகளின் உராய்வைப் பற்றிப் பேசவில்லை.

பிரேக்குக்குத் தேவை அதுதானே! தட்டு நிற்கும் தறுவாயில், நிலை உராய்வு சறுக்கும்போதுள்ள உராய்வைவிட அதிகமாக இருந்தால், தட்டு பிடித்துப் பிடித்து விடும், அதுவே நறநறப்பு. உராய்வைச் சீராக்கும் சேர்மானம் தேவையான அளவு இருந்தால்தான் இது அடங்கும். அளவு மீறினாலோ பிரேக் சறுக்கும். இந்தச் சமநிலையைச் சோதித்துப் பார்ப்பவை ஜே20சி, எம்எஃப் 1135 போன்ற டிராக்டர் தயாரிப்பாளர்களின் தரங்கள். எனவே ஆயில் பிரேக் வண்டிக்காரர் டின்னில் முதலில் தேட வேண்டியது அந்தத் தரத்தைக் குறிக்கும் வரியைத்தான். தங்கள் டின்னில் அது இல்லை. "எல்லா டிராக்டர்களுக்கும் ஏற்றது" என்ற வாசகம் பெரிய எழுத்தில் இருக்கிறது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தனித்தனித் தட்டுப் பொருளுக்கு ஏற்பத் தரம் வகுத்திருக்க, எல்லாவற்றுக்கும் ஏற்றது என்று எந்தச் சோதனையை வைத்துச் சொல்கிறீர்கள்?

இந்த எண்ணெய் எந்தத் தயாரிப்பாளரின் தரத்தில் தேறியது, அது ஒப்புதலா, "பரிந்துரைக்கத்தக்கது" என்ற தங்கள் சொந்தக் கூற்றா என்பதைச் சோதனை அறிக்கையுடன் எழுத்தில் தெரிவியுங்கள். எதிலும் தேறவில்லை என்றால் டின்னிலிருந்து ஆயில் பிரேக் என்ற சொல்லை நீக்குங்கள். அதுவரை இருப்பில் உள்ளவற்றின் விற்பனையை நிறுத்துங்கள். எனக்கு எண்ணெயின் விலையும் மாற்றிய கூலியும் திரும்பத் தரப்பட வேண்டும். தட்டுகளைப் பிரித்துப் பார்க்க நேர்ந்தால் அந்தச் செலவும் தங்களுடையதே. டின்னின் தொகுப்பு எண்ணையும் ரசீது நகலையும், வடித்த எண்ணெயின் மாதிரியையும் இத்துடன் அனுப்பியுள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்