₹19,050 ரீஃபண்டை ஏழு வாரமாக நிறுத்தி வைத்திருப்பது குறித்த புகார்

அனுப்புநர்:
பித்தளைப் பாத்திர விற்பனையாளர்,
அல்சூர், பெங்களூரு.

பெறுநர்:
குறைதீர்ப்பு அதிகாரி அவர்கள்,
பேமெண்ட் கேட்வே நிறுவனம், பெங்களூரு.

நாள்: 28 ஜூலை 2025

மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் உதவிப் பக்கத்தில் தமிழிலும் எழுதலாம் என்று குறிப்பிட்டிருப்பதால் இக்கடிதத்தைத் தமிழிலேயே எழுதுகிறேன். இதே விஷயத்துக்காக நான்கு டிக்கெட்டுகள் போட்டு, பதினொரு முறை தொலைபேசியில் பேசி, ஒரு முறை உங்கள் அலுவலக வாசல்வரை வந்து திரும்பிய பிறகு, இனி யாரிடம் சொல்வது என்று தெரியாமல்தான் உங்களுக்கு எழுதுகிறேன். பொறுமையாகப் படித்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பொங்கல் அன்று, அதாவது 14 ஜனவரி, ஒரு வாடிக்கையாளர் தம் மகளின் திருமணத்துக்காக என் இணையக் கடையில் 12 சிறிய குத்துவிளக்குகளுக்கு ஆர்டர் கொடுத்தார். விளக்கு ஒன்றுக்கு ₹1,850, பேக்கிங்கும் கூரியரும் ₹2,400, ஆக மொத்தம் ₹24,600. அந்தத் தொகைக்கு அவருடைய கிரெடிட் கார்டில் அனுமதி கிடைத்தது. நாச்சியார்கோவில் பட்டறையில் 10 விளக்குகளே தயாராக இருந்ததால், 17 ஜனவரி அன்று ₹20,900 மட்டுமே கேப்சர் செய்தோம். மீதி ₹3,700 அவருடைய கார்டிலிருந்து எடுக்கப்படவே இல்லை. இவையெல்லாம் உங்கள் டாஷ்போர்டில் அந்தப் பேமெண்ட்டைத் திறந்தால் முதல் திரையிலேயே தெரியும்.

வந்த விளக்குகளில் ஒன்று நசுங்கியிருந்ததால் 3 மார்ச் அன்று ₹1,850 திருப்பிக் கொடுத்தோம். எங்கள் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் என் அக்காள் மகன் ஏபிஐ வழியாக அதை அனுப்பியபோது உங்கள் பக்கத்திலிருந்து பதில் வராமல் நேரம் கடந்துபோனது. அவன் எழுதிவைத்த நிரல் தானாகவே மறுபடியும் அனுப்பிவிட்டது. கோரிக்கையில் `Idempotency-Key` வைத்திருந்தால் இரண்டாவது கோரிக்கையும் பழையதுதான் என்று உங்கள் அமைப்பு கண்டுகொண்டிருக்கும். அதை வைக்காதது எங்கள் தவறு, ஒப்புக்கொள்கிறேன். அதனால் ஒரே விளக்குக்கு ₹1,850 வீதம் இரண்டு ரீஃபண்டுகள் பதிவாகிவிட்டன. முதலாவதற்கு 7 மார்ச் அன்று வங்கியின் 23 இலக்க ஏஆர்என் எண் வந்தது, வாடிக்கையாளருக்குப் பணமும் சேர்ந்தது. இரண்டாவதற்கு அந்த எண் வரவே இல்லை. அது `pending` என்று நின்றது நின்றபடியே கிடந்தது. ஏஆர்என் எண் இல்லாத ரீஃபண்டு வங்கியைப் போய்ச் சேரவில்லை என்று உங்கள் ஆட்களே பின்னர் எனக்குச் சொன்னார்கள். சேரவில்லை என்று தெரிந்த பிறகும் அதை 134 நாள் அப்படியே வைத்திருந்தது ஏன்?

மே மாதக் கடைசியில் அந்தத் திருமணம் நின்றுபோய்விட்டது. மீதி ஒன்பது விளக்குகளும் கட்டுப் பிரிக்காமல் திரும்பி வந்தன. திருமணம் நின்ற வீட்டில் பேக்கிங் கூலியைப் பிடித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. முழுத்தொகையையும் தருவதாகச் சொல்லி, 6 ஜூன் அன்று டாஷ்போர்டில் நானே உட்கார்ந்தேன். பில் தொகையிலிருந்து நசுங்கிய விளக்கின் விலையைக் கழித்து முதலில் ₹22,750 என்று போட்டேன். `Refund amount exceeds captured amount` என்று வந்தது. கேப்சர் செய்யாத ₹3,700-ஐயும் சேர்த்துவிட்டேன் என்பது சிறிது நேரத்தில் புரிந்தது. திருத்தி ₹19,050 என்று போட்டேன். அதே வாசகம், ஓர் எழுத்துகூட மாறாமல், மறுபடியும் வந்தது.

ஐயா, ₹19,050 எப்படி ₹20,900-ஐ விட அதிகமாகும்? அன்று மாலை முழுவதும் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு கூட்டிக் கழித்துப் பார்த்தேன். இரவு என் அக்காள் மகன் வந்து அந்தப் பேமெண்ட்டின் விவரத்தை எடுத்துக் காட்டிய பிறகுதான் விஷயம் விளங்கியது:

```
"amount_captured": 2090000,
"amount_refunded": 370000
```

இவை பைசாவில் இருப்பது உங்களுக்குத் தெரிந்ததே. போய்ச் சேராத அந்த இரண்டாவது ₹1,850-ஐயும் கொடுத்துவிட்டதாகவே உங்கள் அமைப்பு கணக்கில் வைத்திருந்தது. அதனால் நான் திருப்பிக் கொடுக்க முடிந்த தொகை ₹17,200 ஆகச் சுருங்கியிருந்தது. நிலுவையில் உள்ளதையும் கழித்துக்கொள்வது நியாயம்தான். இல்லாவிட்டால் எடுத்ததைவிட அதிகமாகப் பணம் வெளியே போய்விடும். ஆனால் இரண்டு வெவ்வேறு காரணங்களுக்கு ஒரே வாசகத்தைக் காட்டினால் கடைக்காரர் எதைத் திருத்துவார்? "ஏற்கெனவே ₹3,700 ரீஃபண்டில் உள்ளது, அதில் ₹1,850 நிலுவையில் நிற்கிறது, இன்னும் ₹17,200 வரை அனுப்பலாம்" என்று அந்த இடத்திலேயே சொல்லியிருந்தால் இக்கடிதத்துக்கே தேவை இருந்திருக்காது.

9 ஜூன் அன்று உங்கள் உதவி மையத்தில் பேசியவரிடம் நான் தெளிவாகக் கேட்டேன்: "இப்போது ₹17,200-ஐ அனுப்பிவிடுகிறேன், நிலுவை தீர்ந்ததும் மீதி ₹1,850-ஐ அனுப்புகிறேன், சரியா?" அவர் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "வேண்டாம் மேடம், அந்தப் பெண்டிங் முடியட்டும், மொத்தமாக ஒரே தடவையில் போடுங்கள், சின்னச் சின்னதாகப் போட்டுக் குழப்பாதீர்கள்." நிறுவனத்துக்காரர் சொல்கிறாரே என்று நம்பிக் காத்திருந்தேன். காலக்கெடு என்று ஒன்று இருப்பதாக அவர் வாயே திறக்கவில்லை. அந்த உரையாடல் உங்களிடம் பதிவாகியிருக்கும். தயவுசெய்து கேட்டுப் பாருங்கள்.

15 ஜூலை அன்றுதான் அந்த நிலுவை `failed` என்று மாறி, ₹1,850 என் கணக்குக்குத் திரும்பியது. அன்றிரவு ஒன்பது மணிக்கே ₹19,050 போட்டேன். இந்த முறை `Refund window has expired` என்று வந்தது.

உங்கள் ஆவணம் என்ன சொல்கிறது? கேப்சர் ஆன நாளிலிருந்து 180 நாள் என்கிறது. 17 ஜனவரியிலிருந்து எண்ணினால் 180-ஆவது நாள் 16 ஜூலை. நான் போட்டது 179-ஆவது நாளில். அனுமதி கிடைத்த 14 ஜனவரியிலிருந்து எண்ணினால் மட்டுமே கெடு 13 ஜூலையோடு முடிகிறது. ஆக, ஆவணத்தில் ஒரு நாளை எழுதிவைத்துவிட்டு, உங்கள் அமைப்பு வேறொரு நாளிலிருந்து எண்ணுகிறது. அனுமதி வாங்கிய அன்றே கேப்சர் செய்பவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. என்னைப் போலச் சரக்கு வந்த பிறகு கேப்சர் செய்பவர்கள்தான் அகப்பட்டுக்கொள்கிறோம்.

மறுநாள் காலை, 16 ஜூலை அன்று, ஆவணப்படி இன்னும் கெடு இருக்கும்போதே, இதையெல்லாம் நாள் கணக்கோடு சொன்னேன். பேசியவர் பாதியிலேயே குறுக்கிட்டு, "கெடு இருக்கும்போதே செய்திருக்க வேண்டும், கடை நடத்துகிறவருக்கு இதுகூடத் தெரிய வேண்டாமா?" என்றார். உங்கள் ஆள் சொல்லித்தான் காத்திருந்தேன் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் இணைப்பைத் துண்டித்துவிட்டார். எட்டு ஆண்டுகளாகக் கடை நடத்துகிறேன். இதுவரை ஒரு வாடிக்கையாளருக்கும் ஒரு ரூபாய்கூடப் பாக்கி வைத்ததில்லை. என்னிடம் இப்படிப் பேச அவருக்கு யார் உரிமை கொடுத்தது?

21 ஜூலை அன்று, டிக்கெட் எண்களையும் திரைப் பிரதிகளையும் ஒரு ஃபைலில் வைத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, வெளிவட்டச் சாலையில் இருக்கும் உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். வாசலில் இருந்த செக்யூரிட்டி, "அப்பாயின்ட்மென்ட் இல்லாமல் உள்ளே விட முடியாது, ஆப்பில் டிக்கெட் போடுங்கள்" என்றார். கையில் இருந்த நான்கு டிக்கெட் எண்களைக் காட்டினேன். அவரை நான் குறை சொல்லவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தவர் அவர் ஒருவர்தான். உள்ளே இருந்து ஒருவரும் இறங்கி வரவில்லை. மழையில் நனைந்த ஃபைலோடு மாலை நான்கு மணிக்கு வீடு திரும்பினேன்.

என் சொந்தக் கணக்கிலிருந்து வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடும்படி உங்கள் நான்காவது டிக்கெட்டில் பதில் வந்தது. இது எவ்வளவு ஆபத்தான யோசனை என்பது உங்களுக்குத் தெரியாதா? கார்டில் கொடுத்த பணம் அதே கார்டுக்குத்தான் போக வேண்டும் என்கிறார் அவர், கேட்பதும் நியாயம்தான். நான் வங்கி வழியாக அனுப்பிய பிறகு அவருடைய கார்டு வங்கியில் சார்ஜ்பேக் பதிவானால், அதே தொகை என்னிடமிருந்து இரண்டாவது முறையும் பிடிக்கப்படும். பேமெண்ட் அக்ரிகேட்டர்களுக்கு ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 17 அன்று வெளியிட்ட நெறிமுறைகளும், வாடிக்கையாளர் வேறு வழிக்குச் சம்மதித்தால் தவிர, பணம் கொடுத்த வழியிலேயே ரீஃபண்ட் போக வேண்டும் என்றுதான் சொல்கின்றன. அவர் சம்மதிக்கவில்லை. இதற்கிடையே அவர் தம் உறவினர் கூட்டம் முழுவதற்கும் என் கடையைப் பற்றிச் சொல்லிவிட்டார். ஆடி முடிந்து ஆவணி முகூர்த்தங்கள் வரும் நேரத்தில் ஒரு விசாரிப்புகூட வரவில்லை. எனக்கு ஏற்பட்ட இழப்பு ₹19,050 அல்ல. லட்சக்கணக்கில் போய்விட்டது, எட்டு ஆண்டு உழைப்பே போய்விட்டது.

ஆகவே தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்வது: 15 ஜூலை அன்று நான் போட்ட கோரிக்கையைக் கெடுவுக்குள் வந்ததாகவே கருதி, உங்கள் ஆபரேஷன்ஸ் பிரிவின் வழியாக ₹19,050-ஐ அதே கார்டுக்கு அனுப்பி, அதற்குரிய ஏஆர்என் எண்ணை எனக்கு எழுத்தில் தாருங்கள். தொகையை என் செட்டில்மென்ட்டிலிருந்து கழித்துக்கொள்ளலாம், எனக்கு மறுப்பில்லை. 180 நாளை எந்த நாளிலிருந்து எண்ணுகிறீர்கள் என்பதையும் எழுத்தில் தெரிவியுங்கள்.

ஏழு வேலை நாட்களுக்குள் பதில் வராவிட்டால், உங்கள் நோடல் அதிகாரிக்கும், அதன் பிறகு ரிசர்வ் வங்கிக்கும் எழுதுவேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகத் தயங்க மாட்டேன். அங்கே 9 ஜூன் உரையாடலின் பதிவைக் கேட்பேன். அந்த நிலைக்குப் போகாமல் நீங்களே முடித்துவைப்பீர்கள் என்று இன்னமும் நம்புகிறேன்.

பேமெண்ட் எண், இரண்டு ரீஃபண்ட் எண்கள், நான்கு டிக்கெட் எண்கள், திரைப் பிரதிகள் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)